ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம்: தடுப்பூசி நாளில் அம்மாக்களும் பாட்டிகளும் கேட்கும் கேள்விகள்

புதன்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியராக அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகம் தேனைப் பற்றியது. மழைக்காலம் தொடங்கி இரண்டு வீட்டுக் குழந்தைகள் இருமினால் போதும், அந்த வாரம் பத்துப் பேராவது கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்லி அனுப்ப நேர்கிறது. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

1. புள்ளைக்குத் தேன் எப்போ இருந்து கொடுக்கலாம்?

பன்னிரண்டு மாதம் முழுசாக முடிந்த பிறகு. அதற்கு முன்னால் ஒரு சொட்டும் வேண்டாம். நாக்கில் தடவுவது, மருந்தில் குழைப்பது, வெந்நீரில் கலப்பது, சூப்பானில் தொட்டு வைப்பது எல்லாமே இதில் அடங்கும். ஒரு வயது தாண்டிய ஆரோக்கியமான குழந்தைக்குத் தேன் கொடுப்பதில் இந்த ஆபத்து இல்லை.

2. தேன் கெட்டே போகாதுன்னு சொல்வாங்க. அதுல கிருமி எப்படி இருக்கும்?

தேன் கெட்டுப்போகாது என்பது உண்மைதான். அதில் தண்ணீர் மிகக் குறைவு, சர்க்கரை மிக அதிகம், கொஞ்சம் புளிப்பும் உண்டு. பாக்டீரியாக்கள் அதில் வளர முடியாது. ஆனால் வளர முடியாமல் இருப்பது வேறு, செத்துப்போவது வேறு. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்றொரு பாக்டீரியா இருக்கிறது. மண்ணிலும் தூசியிலும் சாதாரணமாகவே காணப்படும். சூழல் ஒத்துவராதபோது அது தன்னைச் சுற்றி ஒரு கெட்டி ஓடு கட்டிக்கொண்டு வித்தாக மாறிவிடும். கோடையில் காய்ந்த நிலத்தில் புல் விதை கிடப்பதைப் போல, அந்த வித்து வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பூவிலிருந்தும் தூசியிலிருந்தும் அது தேனீயோடு கூட்டுக்குள் போய்த் தேனில் தங்கிவிடுகிறது.

எல்லா பாட்டிலிலும் அது இருக்கும் என்று சொல்லவில்லை. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்தோ, முகர்ந்தோ, ருசித்தோ சொல்ல முடியாது. சிக்கலே அதுதான்.

3. நாங்க எல்லாரும் அதே பாட்டில்லதான் சாப்பிடறோம். எங்களுக்கு ஒன்னும் ஆகலையே?

உங்கள் வயிற்றில் அந்த வித்துக்கு முளைக்க இடம் கிடைக்காது. பெரியவர்களின் பெருங்குடலில் பல வகையான நல்ல பாக்டீரியாக்கள் நெருக்கமாகக் குடியிருக்கின்றன. புதிதாக வரும் வித்து அந்தக் கூட்டத்துக்குள் முளைக்க முடியாமல் மலத்தோடு வெளியேறிவிடும்.

சில மாதக் குழந்தையின் குடலில் அந்தக் கூட்டம் இன்னும் கூடவில்லை. பிறந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. பித்தநீரில் இருக்கும் தடுப்பு அமிலங்களும் பெரியவர்களுக்கு இருப்பதைவிடக் குறைவு. அந்தக் குடல் உழுது போட்ட வெறும் வயல் மாதிரி. உடம்புச் சூடு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, காற்றில்லாத இடமாகவும் இருக்கிறது. வித்து முளைத்து, பெருகி, அங்கேயே உட்கார்ந்து நஞ்சைச் சுரக்கத் தொடங்கும். அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்து, நரம்பு தசையைத் தொடும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘அசை’ என்று நரம்பு சொல்லும் செய்தி தசைக்குப் போய்ச் சேராது. தசை தளர்ந்துவிடும். குழந்தைப் பருவ பொட்டுலிசம் என்று இதற்குப் பெயர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம்தான் பெரும்பாலும் வருகிறது.

4. கடைத் தேன்ல கலப்படம் இருக்கும், சரி. எங்க சொந்தக்காரர் மலையில இருந்து எடுத்துட்டு வந்த சுத்தத் தேன். அதுவும் கூடாதா?

கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்கும் எல்லாரும் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து காட்டுவார்கள். ஒரு பாட்டி தண்ணீர் டம்ளரில் ஒரு சொட்டு விட்டு, அது கரையாமல் அடியில் போய் உட்காருவதை எனக்குச் செய்தே காட்டினார். அந்தச் சோதனையெல்லாம் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் செய்வது. வித்து இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வித்து கலப்படத்தால் வருவதில்லை. மண்ணிலிருந்தும் பூவிலிருந்தும் இயற்கையாகவே வருகிறது. அதனால் மலைத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன், பெட்டியில் வளர்த்த தேன், பெரிய கம்பெனித் தேன் எல்லாம் இந்த விஷயத்தில் ஒன்றுதான். தேன் சுத்தமா என்பது நல்ல கேள்வி. ஆனால் அதைக் கைக்குழந்தையை வைத்துக் கேட்கக் கூடாது.

5. நல்லா கொதிக்க வெச்சுட்டா கிருமி செத்துடாதா?

முளைத்து வளர்ந்த பாக்டீரியா செத்துவிடும். வித்து சாகாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தாலும் இந்த வித்துகள் மணிக்கணக்கில் தாங்கும். டப்பாவில் அடைத்து விற்கும் உணவுத் தொழிற்சாலைகளில் இவற்றை அழிக்க, அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். அதுவும் தண்ணீர்ப் பதமுள்ள உணவுக்குச் சொன்ன கணக்கு. தேன் போன்ற அடர்த்தியான சர்க்கரைப் பொருளுக்குள் வித்து இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும்.

வீட்டில் கரண்டியில் காட்டிச் சூடு பண்ணுவது, வெந்நீரில் கலப்பது, இட்லிப் பானையில் வைப்பது எதுவும் பயன்படாது. கம்பெனிகள் தேனைச் சூடாக்கி வடிகட்டுவதும் உறையாமல் இருக்கவும் புளிக்காமல் இருக்கவும்தான். வித்தை அழிக்க அந்தச் சூடு போதாது.

6. ஒரே ஒரு சொட்டு. சேனை வைக்கறதுக்கு மட்டும். அதுல என்ன ஆயிடப் போகுது?

குழந்தை பிறந்ததும் வீட்டிலேயே நல்ல குணமுள்ள பெரியவரைக் கூப்பிட்டு, சர்க்கரைத் தண்ணீரோ தேனோ விரலில் தொட்டு நாக்கில் வைப்பது எங்கள் பக்கம் இன்றைக்கும் நடக்கிறது. சில வீடுகளில் மோதிரத்தைத் தேனில் உரசி வைப்பார்கள். அந்தப் பெரியவரின் குணம் குழந்தைக்கு வர வேண்டும் என்ற ஆசையில் செய்வது. அந்த ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் சொட்டு சின்னது என்பதால் ஆபத்து சின்னதாகிவிடாது. மற்ற விஷங்களில் அளவு கூடக் கூடத்தான் ஆபத்து. இங்கே உள்ளே போவது விஷம் அல்ல, விதை. கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம் வித்து போனாலே குடலுக்குள் அது பெருகிக்கொள்ளும், நஞ்சும் அங்கேயே உண்டாகும். சர்க்கரைத் தண்ணீரில் இந்த வித்தின் பிரச்சினை தேன் அளவுக்கு இல்லை என்றாலும் அதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் முதலில் போக வேண்டும். எங்கள் நிலையத்தில் பிரசவமாகும் வீட்டாரிடம் நான் ஒன்று சொல்வேன்: சேனை வைக்க நினைத்த அந்தப் பெரியவரையே கூப்பிடுங்கள், அவர் குழந்தையைத் தூக்கி அம்மாவின் மார்பில் போட்டு முதல் பாலைக் கொடுக்க வைக்கட்டும். நிறைய வீடுகளில் இதை மனதார ஏற்றுக்கொள்கிறார்கள்.

7. நான் ஏழு புள்ளைங்களுக்குத் தேன் கொடுத்து வளர்த்தவ. ஒன்னுக்கும் ஒன்னும் ஆகலையேம்மா?

பாட்டி சொல்வது பொய்யில்லை. இது அரிதான நோய். தேன் நக்கிய குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இதை மறைத்துப் பேசினால் அந்தப் பாட்டி என்னை நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

ஆனால் இரண்டு விஷயத்தை அவரிடம் சொல்வேன். இப்படியொரு நோய் கைக்குழந்தைகளுக்கு வருகிறது என்பதையே மருத்துவ உலகம் கண்டுபிடித்தது 1976இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில். அதற்கு முன்னால் ‘பால் குடிக்காம துவண்டு போயிடுச்சு’ என்று இறந்த குழந்தைகளில் எதற்கு என்ன காரணம் என்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. இன்றைக்கும் மலத்தில் நஞ்சைத் தேடும் பரிசோதனை சாதாரண மருத்துவமனைகளில் கிடையாது. இன்னொன்று, தேனால் அந்த வயதுக் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை என்ன? தாய்ப்பாலில் இல்லாத எதுவும் அதில் இல்லை. சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏழு தடவை கடந்தவர் உண்டு. எட்டாவது தடவை கடக்க வேண்டிய தேவையே இல்லாதபோது ஏன் கடக்க வேண்டும்?

8. உரமருந்து தேன்லதானே குழைச்சுக் கொடுக்கணும்? வேற எதுல குழைக்கறது?

சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு என்று வேகவைத்துக் காயவைத்த சரக்குகளைக் கல்லில் உரசிக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நானும் அதைத்தான் சொல்கிறேன். அதனால் என் பதில், அந்த வயதில் உரமருந்தே வேண்டாம் என்பது. உரசும் கல்லும் கையும் சுத்தமாக இல்லாமல் வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சித்த மருத்துவரிடம் காட்டி அவர் ஒரு சூரணம் எழுதிக் கொடுத்தால், அதைக் குழைக்க அனுபானமாகத் தேன் சொன்னாரா என்று கேளுங்கள். குழந்தையின் வயதை மாதக் கணக்கில் சொல்லி, தேனுக்குப் பதில் என்ன என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். கற்பூரவல்லிச் சாறு, துளசிச் சாறு என்று எதில் கலந்தாலும் தேன் தேன்தான்.

9. இருமலுக்குத் தேன் நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்களே?

ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்கிறார்கள், அது சரியான அறிவுரைதான். 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2 முதல் 18 வயது வரையுள்ள 105 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தூங்கப் போகும் முன் ஒரு தடவை தேன் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கொடுக்காமல் விட்டவர்களைவிட அவர்களுக்கு இரவு இருமல் குறைந்தது, தூக்கமும் நன்றாக இருந்தது. 2 முதல் 5 வயதுள்ளவர்களுக்கு அங்கே கொடுத்தது அரை டீஸ்பூன்தான்.

கவனித்தீர்களா, அந்த ஆய்வில் கைக்குழந்தை ஒன்றுகூட இல்லை. செய்தியில் ‘குழந்தைகளின் இருமலுக்குத் தேன்’ என்று வரும்போது வயது மட்டும் காணாமல் போய்விடுகிறது. தேன் தொண்டையில் ஒரு படலம்போலப் படிந்து உறுத்தலைக் குறைக்கிறது, அவ்வளவுதான். சளியை உருவாக்கிய வைரஸை அது கொல்வதில்லை. ஒரு ராத்திரி இருமல் கொஞ்சம் குறைவதற்காக, 3ஆம் கேள்வியில் சொன்ன ஆபத்தை ஒரு ஐந்து மாதக் குழந்தைக்கு ஏற்க முடியாது.

10. அப்போ ராத்திரியெல்லாம் இருமுதே, நான் என்னதான் செய்யட்டும்?

கைக்குழந்தையின் இருமலில் பெரும்பகுதி மூக்கிலிருந்து வருகிறது. மூக்கு ஒழுகி, படுத்திருக்கும்போது சளி தொண்டைக்குப் பின்னால் இறங்குகிறது. அதனால் மூக்கைக் கவனித்தாலே பாதி வேலை முடியும். மருந்துக்கடையில் உப்புநீர் மூக்குச் சொட்டு கிடைக்கும், மருந்தில்லாத வெறும் சலைன். பால் கொடுக்கும் முன்பும் தூங்க வைக்கும் முன்பும் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் விட்டு, வெளியே வருவதை மெல்லிய துணியால் துடையுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்ப்பால் கொடுங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான தண்ணீரை இடையிடையே ஊட்டலாம். பால் குடித்ததும் கொஞ்ச நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தேய்க்காதீர்கள், கற்பூரம் சிறு குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். தொட்டிலுக்குக் கீழே சாம்பிராணி போட்டால் இருமல் கூடத்தான் செய்யும். பழைய இருமல் சிரப்பை எடுத்துக் கால் மூடி ஊற்றுவதும் வேண்டாம். சளி, இருமலுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட ஒரு கலவை மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவித்தது.

எப்போது காத்திருக்காமல் கிளம்ப வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60ஓ அதற்கு மேலோ, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50ஓ அதற்கு மேலோ வந்தால் அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும், உதடு நீலம் பாரித்தாலும், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

11. நான் தேன் சாப்பிட்டா? பால் கொடுக்கற அம்மா சாப்பிடக் கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். உங்கள் குடலில் வித்து முளைக்காது, பாலுக்கும் வராது. ஒரே ஒரு கவனம்: தேன் தொட்ட விரலைக் கழுவாமல் குழந்தையின் வாயில் வைக்காதீர்கள். குழந்தை மார்பைப் பிடிக்க மாட்டேன் என்கிறது என்று காம்பில் தேன் தடவும் பழக்கமும் அறவே கூடாது.

12. தேன் போட்ட பிஸ்கட், சத்துமாவு, சூப்பான் எல்லாம் கடையில விக்குதே?

5ஆம் கேள்வியில் சொன்ன சூட்டுக் கணக்குதான் இங்கேயும். பிஸ்கட்டின் உள்பக்கமும் வறுத்த மாவும் 121 டிகிரி அழுத்தச் சூட்டைப் பார்ப்பதில்லை. பாக்கெட்டின் பின்பக்கம் ‘தேன்’ என்று இருந்தால் ஒரு வயது வரை ஒதுக்கி வையுங்கள்.

சூப்பானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நான்கு கைக்குழந்தைகள் இந்த நோயோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நால்வருமே மெக்சிகோவில் வாங்கிய, தேன் நிரப்பிய சூப்பானை வாயில் வைத்திருந்தவர்கள். அந்த நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் நவம்பர் மாதம் எல்லாப் பெற்றோரையும் எச்சரித்தது. யாரும் அந்தக் குழந்தைகளுக்குக் கரண்டியில் ஊட்டவில்லை, வாயில் வைத்த ரப்பரிலிருந்து போனதுதான்.

13. ஐயோ, தெரியாம போன வாரம் கொடுத்துட்டோம். இப்போ என்ன பண்றது?

பதறாதீர்கள். 7ஆம் கேள்வியில் சொன்னபடி பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பேதி மருந்து கொடுக்காதீர்கள், முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். மீதியுள்ள தேனை எடுத்து உயரத்தில் வையுங்கள். எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதைத் தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி வருவதானால் மூன்று நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வரும். கடைசியாகத் தேன் கொடுத்த நாளிலிருந்து முப்பது நாள் கவனமாகப் பாருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த பதிலில்.

14. வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்? காய்ச்சல் அடிக்குமா?

காய்ச்சல் அடிக்காது. அதனால்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். ஒரு நான்கு மாதக் குழந்தையை மனதில் வைத்து வரிசையாகச் சொல்கிறேன். இது எந்த வீட்டுக் கதையும் அல்ல, நோய் நடக்கும் போக்கு. அந்தக் குழந்தைக்கு இருமல் என்று மூன்று நாள் கற்பூரவல்லிச் சாற்றில் தேன் கலந்து கொடுத்தார்கள். இருமல் போய்விட்டது. பத்து நாள் கழித்து மலம் போவது நின்றது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் மலம் போகாமல் இருப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள். அது நியாயமும்கூட, மலச்சிக்கல் மட்டுமே இருந்தால் இந்த நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நான்காவது நாள் குழந்தை மார்பைப் பிடித்து இரண்டு நிமிடத்தில் களைத்துப்போனது. கடைவாயில் பால் வழிந்தது. மார்பு கட்டிக்கொண்டு வலிப்பதை வைத்துத்தான் குழந்தை சரியாகக் குடிக்கவில்லை என்று அம்மாவுக்கே தெரிந்தது.

அதற்கு அடுத்த நாள் அழுகை மாறியது. வாய் திறக்கிறது, முகம் சுருங்கவில்லை, பூனைக்குட்டி மாதிரி மெல்லிய சத்தம் மட்டும் வருகிறது. இமை பாதி மூடியே இருந்ததால் ‘தூங்கி வழியுது’ என்றார்கள். உண்மையில் குழந்தைக்கு உணர்வு தெளிவாகவே இருக்கிறது, இமையைத் தூக்கத் தசைக்குப் பலமில்லை. நின்றிருந்த கழுத்து சாய்ந்தது. பிறகு கை, பிறகு கால் என்று தளர்ச்சி மேலிருந்து கீழே இறங்கியது. எச்சிலை விழுங்க முடியாமல் தொண்டையில் கரகரவென்று தேங்கியது. இதற்கு அடுத்து தளர்வது மூச்சுவிடும் தசைகள்.

நான் தடுப்பூசி போடும்போது கவனிப்பது இதைத்தான். ஊசி தொடையில் இறங்கியதும் வழக்கமான குழந்தை முகம் சிவக்க வீறிடும். அப்படி அழாமல் முனகினால் ‘நல்ல புள்ள, அழவே இல்ல’ என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கினால் நான்கு மாதக் குழந்தையின் தலையும் கூடவே வர வேண்டும். முன்பு வந்து, இப்போது தலை பின்னால் தொங்கினால் அன்றைக்கே மருத்துவமனை. பால் இறங்காமல் எச்சில் தேங்கினாலோ மூச்சு பலவீனமாகத் தெரிந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். வழியில் பாலோ தண்ணீரோ வாயில் ஊற்ற வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.

15. ஆஸ்பத்திரியில சேர்த்தா சரியாயிடுமா? என்ன வைத்தியம்?

பெரும்பாலும் முழுசாகச் சரியாகிவிடும், ஆனால் பொறுமையாக. நஞ்சு பிடித்த நரம்பு முனை உடனே திரும்ப வேலை செய்யாது. அதன் பக்கத்தில் புது முனை துளிர்த்துத் தசையைத் தொட வேண்டும், அதற்கு வாரங்கள் ஆகும். அதுவரை மூக்குக் குழாய் வழியாகப் பால், தேவைப்பட்டால் செயற்கை சுவாசம் என்று குழந்தையைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியத்தின் பெரும்பகுதி. தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்வதுதான் உயிரைக் காக்கிறது. ரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைப் பிடித்து முறிக்கும் ஒரு மருந்து உண்டு. கலிபோர்னியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை தயாரிப்பது, 2003இல் அனுமதி பெற்றது. அது கொடுத்த குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த காலம் சராசரியாக 5.7 வாரத்திலிருந்து 2.6 வாரமாகக் குறைந்தது. ஆனால் நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டு கொடுத்து வாங்கக்கூடிய பொருள் அல்ல.

சேர்க்கும்போது நீங்கள் செய்ய வேண்டிய ஒன்று மிக முக்கியம். தேன் கொடுத்ததை மறைக்காமல் முதல் வாயிலேயே சொல்லுங்கள். துவண்ட கைக்குழந்தையைப் பார்த்ததும் ரத்தத்தில் கிருமி என்றுதான் முதலில் யாருக்கும் சந்தேகம் வரும். அதற்கு வழக்கமாகப் போடும் ஜென்டாமைசின் வகை ஊசி இந்த நோயில் தசைத் தளர்ச்சியை இன்னும் கூட்டிவிடும். திட்டுவார்களோ என்று பயந்து பாட்டி தலையைக் குனிந்துகொண்டால், மருத்துவருக்கு அந்தத் துப்பு கிடைக்காமல் போகிறது. யாரும் பாட்டியைத் திட்டக் கூடாது என்பதையும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சேர்த்தே சொல்கிறேன்.

16. மண்ணுலயும் தூசியிலயும் இருக்குன்னீங்க. என் புள்ள மண்ணை அள்ளித் திங்குது. அப்புறம் தேனை மட்டும் நிறுத்தி என்ன லாபம்?

நல்ல கேள்வி. இந்த நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தேன் கொடுத்த வரலாறே இருக்காது. காற்றில் பறக்கும் தூசியிலிருந்து வந்திருக்கலாம் என்றுதான் கருதுகிறார்கள். அந்தத் தூசியை எந்த அம்மாவாலும் முழுசாகத் தடுக்க முடியாது, அதற்காகத் தன்னை நொந்துகொள்ளவும் வேண்டாம். ஆனால் காரணம் என்று உறுதியாகத் தெரிந்து, நம் கையாலேயே தவிர்க்க முடிகிற உணவு தேன்தான். கூரை முழுக்க ஒழுகினாலும், கைக்கு எட்டுகிற ஓட்டையை அடைக்காமல் விடுவோமா?

17. பதினோரு மாசம் முடிஞ்சு இருபது நாள் ஆச்சு. இன்னும் பத்து நாள்ல என்ன மாறிடப் போகுது?

பிறந்தநாள் அன்று காலையில் குடலில் ஒரு கதவு மூடிக்கொள்ளாது. 3ஆம் கேள்வியில் சொன்ன அந்தக் கூட்டம் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிறது, ஆபத்தும் அப்படித்தான் குறைகிறது. பதினோரு மாதத்தில் ஆபத்து நான்கு மாதத்தில் இருந்ததைவிட மிகக் குறைவு. எல்லாக் குழந்தையும் பாதுகாப்பாகத் தாண்டியிருக்கும்படி ஒரு கோடு போட வேண்டும் என்றுதான் பன்னிரண்டு மாதம் என்று வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்து நாளும் காத்திருங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றாலோ, குடல் அறுவை சிகிச்சை ஆன குழந்தை என்றாலோ, ஒரு வயது முடிந்த பிறகும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் தடவை கொடுக்கும்போது அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், பகல் நேரத்தில் கொடுங்கள். ஒவ்வாமையால் உடம்பில் தடிப்பு கிளம்பினால் அப்போதுதான் கண்ணில் படும்.